கோடிங் கிளப் தொடக்க உரை: ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கோத்தகிரிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். வியாழக்கிழமை கடைசி பீரியடில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கோடிங் கிளப் நடத்துகிறோம். அவர்களில் பெரும்பாலோர் விசைப்பலகையில் கைவைப்பதே அன்றைக்குத்தான் முதல் தடவை. புதிதாகக் கிளப் தொடங்கும் ஆசிரியர்கள் குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் ஃபோன் செய்கிறார்கள். நாங்கள் கற்றுத்தரும் பைத்தான் என்ற கணினி மொழியைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லை. முதல் நாள் எழுந்து நின்று என்ன பேசுவது என்றுதான் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் நாள் எவ்வளவு நேரம் பேசலாம் மிஸ்?

ஆறு நிமிடம். எங்கள் பீரியட் 40 நிமிடம். பிள்ளைகள் லேபுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, இருவர் இருவராக உட்கார ஐந்து நிமிடம் போய்விடும். கடைசிப் பத்து நிமிடமும் நம் கையில் இல்லை. கீழ்ப்பக்கக் கிராமங்களுக்குப் போகிற பஸ்ஸை விட்டால் அடுத்தது இருட்டிய பிறகுதான் என்பதால் பையை மாட்டிக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மிச்சம் இருப்பது 25 நிமிடம். அதில் ஆறை நாம் எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் கையால் அடித்துப் பார்க்க 19 நிமிடம் கிடைக்கும். முதல் நாளே ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வரியாவது அடித்து ஓட்டிவிட வேண்டும். அதற்கு இந்த 19 நிமிடம் போதும், ஆனால் அதில் குறைக்க இடமில்லை.

முதல் வருடம் நான் 25 நிமிடம் பேசினேன். கணினி எப்படி வளர்ந்தது, எந்தெந்த வேலைக்குப் போகலாம், உலகம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் கை தட்டினார்கள். மீதி நேரத்தில் ஓர் ஏழாம் வகுப்புப் பையன் ஒரு வரி அடித்து ஓட்டினான், திரையில் சிவப்பு எழுத்து வந்தது. சத்தமில்லாமல் கணினியின் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். அடுத்த இரண்டு வியாழக்கிழமையும் அவன் வரவில்லை. கூப்பிட்டு விசாரித்தால், "நான் கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேன் மிஸ், காசு கேப்பாங்கன்னு வரல" என்றான்.

25 நிமிடம் பேசியும் அவனுக்குத் தேவையான ஒரே செய்தியை நான் சொல்லவில்லை. சிவப்பு எழுத்து வந்தால் எதுவும் கெட்டுப்போகவில்லை, அது படிக்க வேண்டிய ஒரு வாக்கியம் என்பதுதான் அந்தச் செய்தி. என் தொடக்க உரை முழுவதும் இப்போது அதைச் சொல்வதற்கு மட்டுமே.

அப்போ எதில் ஆரம்பிக்கிறது? வரவேற்பு வேண்டாமா?

வரவேற்பு ஒரு வாக்கியம் போதும். அடுத்த நொடி திரையில் ஒரு வரி அடிக்க வேண்டும், அந்த வரி தப்பாக இருக்க வேண்டும். பிள்ளைகள் அந்த அறையில் பார்க்கும் முதல் தப்பு ஆசிரியருடையதாக இருந்தால் இரண்டாவது தப்பைச் செய்ய யாருக்கும் கூச்சம் இருக்காது.

எந்தத் தப்பு என்பதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள். நான் `print` என்பதை `Print` என்று பெரிய எழுத்தில் அடிக்கிறேன். இதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கில வகுப்பில் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் தொடங்கச் சொல்லித்தான் பழக்கியிருக்கிறோம், நல்ல பிள்ளைகள் அப்படித்தான் அடிப்பார்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் வகுப்பில் பாதிப் பேருக்கு வரப்போகிற தப்பு இது.

இன்னொரு காரணமும் உண்டு. நாங்கள் பைத்தானோடு வரும் IDLE என்ற செயலியில்தான் வரிகளை அடித்து ஓட்டுகிறோம். அதில் கோப்பாகச் சேமித்து ஓட்டும்போது மேற்கோள்குறியை மூடாமல் விட்டால் ஒரு சின்னப் பெட்டி எழும்பி வந்து செய்தி சொல்லும். அது பின் வரிசைக்குத் தெரியாது, OK அமுக்கினால் மறைந்தும் போகும். பெரிய எழுத்துத் தப்பு அப்படியில்லை. சிவப்பாக வந்து திரையிலேயே நிற்கும், எல்லோரும் சேர்ந்து படிக்கலாம்.

நீங்க பேசுறதை அப்படியே எழுதித் தர முடியுமா?

தருகிறேன். மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் ஊர்ப் பேச்சுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நான் பேசுவது இதுதான்.

"எல்லாரும் வாங்க, கோடிங் கிளப்புக்கு வந்தது சந்தோஷம். இப்ப கையைக் கட்ட வேண்டாம், திரையை மட்டும் பாருங்க. நான் ஒரு வரி அடிக்கிறேன்."

```python
Print("வணக்கம் கோத்தகிரி")
```

"ஓட்டறேன். என்ன ஆச்சு? சிவப்பா வந்துடுச்சு. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா? யார் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறீங்க, கை தூக்குங்க. பயப்படாம தூக்குங்க. சரி, நான் வந்து தொட்டுக் காட்டறேன். மவுஸ் நகருது, எழுத்து அடிக்க முடியுது. ஒண்ணும் ஆகல. கம்ப்யூட்டர் நம்மகிட்ட ஏதோ சொல்லுது, அவ்வளவுதான். நிறைய சொல்லுது, ஆனா நமக்குக் கடைசி வரி போதும். முன்வரிசையில யாராவது ஒருத்தர் அந்தக் கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படிங்க."

```
NameError: name 'Print' is not defined. Did you mean: 'print'?
```

"நேம்னா பேர். 'Print'னு ஒரு பேர் எனக்குத் தெரியாது, 'print'னு சொல்ல வந்தீங்களான்னு கேக்குது. நம்ம ஸ்கூல்ல ஒரு பேரைத் தப்பா எழுதிக் கூப்பிட்டா வாட்ச்மேன் அண்ணன் என்ன சொல்வாரு? அப்படி யாரும் இங்க இல்லையேன்னு சொல்வாரு. திட்டமாட்டாரு. அதே மாதிரிதான். கம்ப்யூட்டருக்குப் பெரிய P வேற ஆளு, சின்ன p வேற ஆளு. நான் சின்ன p போடறேன். பாருங்க, வணக்கம் கோத்தகிரி வந்துடுச்சு.

இப்ப இன்னொண்ணு. ஒரு அக்கா 18 கிலோ பச்சைத் தேயிலை எடுத்திருக்காங்க. கிலோ 22 ரூபாய்னு வச்சுக்குவோம். எவ்வளவு காசு? நோட்டுல போட்டுப் பாருங்க. 396. சரி. அதையே கம்ப்யூட்டரைக் கேக்கறேன்."

```python
kilo = input("எத்தனை கிலோ? ")
print(kilo * 22)
```

"18 கொடுக்கறேன். சிவப்பு வரல. ஆனா என்ன வந்திருக்கு பாருங்க."

```
18181818181818181818181818181818181818181818
```

"இவ்வளவு காசு யாராவது கொடுப்பாங்களா? எத்தனை 18 இருக்கு, எண்ணுங்க. 22 இருக்கு. நான் பெருக்கச் சொன்னேன்னு நினைச்சேன். கம்ப்யூட்டர் 18-ஐ 22 தடவை இம்போசிஷன் எழுதிடுச்சு. நாம விசைப்பலகையில அடிக்கிறதை அது எழுத்தாத்தான் எடுத்துக்கும், எண்ணா எடுத்துக்காது. எண்ணுன்னு நாமதான் சொல்லணும்."

```python
kilo = int(input("எத்தனை கிலோ? "))
print(kilo * 22)
```

"396. நம்ம நோட்டுல இருக்கிறதும் 396. இந்த கிளப்புல ரெண்டு பழக்கம்தான். சிவப்பு வந்தா கடைசி வரியைப் படிக்கணும். சிவப்பு வரலைன்னா, வந்த விடை நோட்டுல போட்ட விடையோட ஒத்துப்போகுதான்னு பாக்கணும். நான் பேசினது முடிஞ்சது. ரெண்டு ரெண்டு பேரா உங்க பேரை அடிச்சு ஓட்டுங்க. முதல்ல யாருக்குச் சிவப்பு வருதோ அவங்க கையைத் தூக்குங்க, எல்லாரும் சேர்ந்து படிப்போம்."

இரண்டு தப்பு எதுக்கு? ஒண்ணு போதாதா?

இரண்டும் வேறு வேறு ரகம். முதல் தப்பு கத்திச் சொல்லும். இரண்டாவது வாயைத் திறக்காது. பிள்ளைகளுக்கு முதல் தப்பை மட்டும் காட்டினால் சிவப்பு வராத எல்லாமே சரி என்று எடுத்துக்கொள்வார்கள். சில வாரங்கள் கழித்து சராசரி மதிப்பெண் கணக்கு போடும்போது 100-க்கு 412 என்று விடை வரும், அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு போவார்கள். சத்தமில்லாத தப்பைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கையால் போட்ட ஒரு விடை பக்கத்தில் இருப்பது. அதனால்தான் ஓட்டுவதற்கு முன்னாலேயே நோட்டில் 396 என்று எழுத வைக்கிறேன். விடை தெரிந்த பிறகு எழுத வைத்தால் அந்தப் பழக்கம் ஒட்டாது.

இம்போசிஷன் என்ற சொல்லை எப்போதும் அப்படியே வைத்திருக்கிறேன். எழுத்தாக எடுத்துக்கொள்வதற்கு எழுத்துச்சரம் என்று பெயர், எண்ணா எழுத்தா என்பது தரவு வகை என்று முதல் நாளில் சொல்லிப் பார்த்தேன், ஒரு முகத்திலும் அசைவில்லை. 22 தடவை இம்போசிஷன் எழுதாத பிள்ளை எங்கள் பள்ளியில் இல்லை. வந்தது என்ன, ஏன் வந்தது என்று இரண்டுமே அந்த ஒரு சொல்லில் விளங்கிவிடுகிறது. எழுத்துச்சரம் என்ற சொல்லை மூன்றாவது வாரம் சொல்கிறேன். அப்போது அது பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்த ஒன்றுக்குப் பெயராக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தேயிலைக் கணக்கு எல்லாப் பள்ளிக்கும் பொருந்துமா?

பொருந்தாது. என் வகுப்பில் சிலர் சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் வைத்திருக்கும் படகர் வீட்டுப் பிள்ளைகள், சிலர் எஸ்டேட் லைனிலிருந்து வருகிறவர்கள். முதலாமவர்களுக்குக் கிலோ விலை என்பது ஃபேக்டரி இலைக்குத் தருகிற விலை. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையைப் பற்றிய பேச்சும் அந்த வீடுகளில் உண்டு. எஸ்டேட் பிள்ளைக்கு அம்மா வாங்குவது கூலி, இலையின் விலை இல்லை. ஆகவே "உங்க வீட்டுல நேத்து எத்தனை கிலோ?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்காதீர்கள். வீட்டு வருமானத்தை வகுப்பு முன்னால் சொல்லச் சொல்கிற கேள்வி அது. நானே ஒருமுறை கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் தலைகுனிந்த பிள்ளையைப் பார்த்த பிறகுதான் "ஒரு அக்கா" என்று மாற்றினேன்.

கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் ஓர் ஆசிரியர் பூண்டுக் கணக்கு வைத்துக்கொண்டார். அங்கே பிள்ளைகளுக்குப் பூண்டு விலை விரல் நுனியில் இருக்கிறது. பஸ் டிக்கெட்டும் நன்றாக இருக்கும். எதை எடுத்தாலும் பிள்ளைகள் மனக்கணக்காக அல்லது நோட்டில் அரை நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய பெருக்கலாக இருக்கட்டும். பெருக்குகிற எண் 20-க்குக் கிட்டே இருந்தால் எண்ணிப் பார்க்கலாம். 350 என்று வைத்தால் திரை முழுவதும் எண் நிரம்பி, எண்ணுவதற்கு யாருக்கும் மனம் வராது.

"18.5 கிலோ" என்று ஒரு பிள்ளை அடித்துவிட்டால்?

அடிப்பார்கள். தராசு அரைக் கிலோவும் காட்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போது வருவது இது:

```
ValueError: invalid literal for int() with base 10: '18.5'
```

முதல் நாளில் இதை முழுக்க விளக்கவேண்டாம். கடைசி வரியைப் படிக்கச் சொல்லுங்கள். வால்யூ என்றால் மதிப்பு, வரியின் கடைசியில் '18.5' இருக்கிறது, ஆக தகராறு அந்த 18.5-இல். `int` முழு எண்ணை மட்டும்தான் ஏற்கும், புள்ளி வைத்த எண்ணுக்கு `float` என்று சொல்லி அதை மாற்றிக் காட்டுங்கள். விடை 407.0 என்று வரும். "18 கிலோ" என்று சொல்லோடு சேர்த்து அடித்தால் `float`-ம் மறுத்துவிடும், அப்போதும் கடைசி வரியில் தகராறான பகுதி மேற்கோளுக்குள் நிற்கும். பிள்ளைகள் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்த இடத்தைத்தான்.

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு பையன் தாத்தாவிடம் தமிழ் எண்கள் கற்றுக்கொண்டு வந்து ௧௮ என்று அடித்தான். 396 வந்தது. பைத்தானின் `int` தமிழ் எண்களையும் எண்ணாகவே படிக்கும். அன்றைக்கு லேபில் இருந்த எல்லோரும் ௧, ௨, ௩ கற்றுக்கொண்டு போனார்கள்.

இங்கிலீஷ் எழுத்துக்கூட்டவே தடுமாறுகிற பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

முதல் மாதத்துக்கு அவர்களுக்குத் தேவையான சொற்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்: `print`, `input`, `int`. பிழைச் செய்தியில் நேம், வால்யூ, சின்டாக்ஸ் என்ற மூன்று. இவற்றை ஒரு சார்ட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் போட்டு, திரைக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறேன். சின்டாக்ஸ் என்பதற்கு "வாக்கியம் முழுசா இல்லை" என்று எழுதியிருக்கிறேன். இலக்கணமாகப் பார்த்தால் அது சரியான மொழிபெயர்ப்பு இல்லைதான். ஆனால் மூடாத அடைப்பையும் மூடாத மேற்கோளையும் தேடிப் போக அது போதும்.

மேற்கோளுக்குள் இருப்பது எல்லாம் தமிழாகவே இருக்கட்டும். சொந்தப் பெயர் தமிழில் திரையில் வருவதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நீங்களும் பார்க்க வேண்டும். ஒரே தொந்தரவு, விசைப்பலகையை மாற்றுவது. தமிழில் பெயர் அடித்துவிட்டு மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றாமல் `print` அடித்தால் தமிழ் எழுத்தாக வந்து விழும். அந்த மாற்று விசை எது என்பதை உரை முடிந்த கையோடு ஒருமுறை காட்டுங்கள். சில கணினிகளில் கொம்பும் புள்ளியும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். எனவே முந்தின நாளே எல்லாக் கணினியிலும் "வணக்கம் கோத்தகிரி" அடித்துப் பார்த்துவிடுங்கள். அப்படியே எழுத்தளவையும் கூட்டுங்கள். IDLE-இல் `Options` பட்டியில் `Configure IDLE` இருக்கிறது. திரையில் காட்டும் கணினிக்கு நான் 29 வைக்கிறேன்.

வாட்சப்பிலோ வேர்டிலோ தட்டச்சு செய்த வரியை நகலெடுத்து ஒட்டாதீர்கள். மேற்கோள்குறி வளைந்த குறியாக மாறியிருக்கலாம், மாறினால் பைத்தான் அதை ஏற்காது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதால் முதல் நாளில் உங்களையே திணற வைத்துவிடும்.

கரண்ட் போயிடுச்சுன்னா?

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மழை பிடித்தால் போகத்தான் செய்யும். ஒரு வருடம் தொடக்க நாளன்றே போய்விட்டது. மூடுபனியில் லேப் இருட்டு, ஜன்னல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கரும்பலகையில் இதே உரையைச் செய்தேன், இன்னும் நன்றாகவே வந்தது என்று நினைக்கிறேன்.

ஓர் ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைக் கணினியாக நிறுத்தினேன். அவளுக்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டில், "உனக்குத் தெரிந்த சொல் `print` ஒன்றுதான். வேறு எது வந்தாலும், அந்தப் பெயர் எனக்குத் தெரியாது என்று சொல்" என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சீட்டு எழுதி நீட்டினார்கள். முதல் சீட்டில் பெரிய P. "Print என்ற பெயர் எனக்குத் தெரியாது" என்றாள். எழுதிய பையன், "அதான் ப்ரின்ட்டுன்னு எழுதியிருக்கே அக்கா" என்று வாதாடினான். அவள் அதே வாக்கியத்தையே திருப்பிச் சொன்னாள். மூன்றாவது தடவை அவனே தன் சீட்டை உற்றுப் பார்த்து, P-ஐ அடித்துச் சின்னதாக எழுதினான். திரையில் காட்டியிருந்தால் நான் திருத்தியிருப்பேன். இங்கே அவனே கண்டுபிடித்தான்.

கரண்ட் இருந்தாலும் இந்தச் சீட்டு விளையாட்டுக்கு நான்கு நிமிடம் ஒதுக்குகிறவர்கள் உண்டு. நேரம் இருந்தால் செய்யுங்கள்.

ஸ்கிராட்ச்சில் தொடங்குவது சுலபம் இல்லையா?

ஆறாம் வகுப்புக்கு மட்டும் என்றால் ஸ்கிராட்ச் நல்லது. கட்டைகளை இழுத்து ஒட்டுவதால் எழுத்துப்பிழைக்கு வாய்ப்பே இல்லை, பூனையும் நகரும். ஆனால் இந்த உரை அதற்குப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே சிவப்பு எழுத்து வராது. அங்கே வருவதெல்லாம் சத்தமில்லாத தப்புதான். பூனையைத் திரையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளவிட்டு, "நான் என்ன சொன்னேன், அது என்ன செய்தது?" என்று கேட்டுத் தொடங்குங்கள். நாங்கள் நான்கு வகுப்பையும் ஒன்றாக வைத்திருப்பதால் பைத்தானையே எடுத்துக்கொண்டோம். மேலே போகப் போக, பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் பாடத்திலும் அவர்கள் பார்க்கப்போவது பைத்தான்தான்.

முதல் கம்ப்யூட்டர் பூச்சி கதை சொல்லலாமா?

1947-இல் ஹார்வர்டில் மார்க் II கணினியின் ரிலேயில் ஒரு விட்டில்பூச்சி சிக்கியிருந்ததை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினார்களே, அதுதானே? நல்ல கதைதான், நடந்ததும்தான். ஆனால் தப்பைக் குறிக்கும் "பக்" என்ற சொல்லே அதிலிருந்துதான் வந்தது என்று சொல்லிவிடாதீர்கள், எடிசன் காலத்திலேயே அந்தச் சொல் புழங்கியது. நான் முதல் நாளில் இதைச் சொல்வதில்லை. வெளியிலிருந்து ஏதோ புகுந்து கெடுத்துவிட்டது என்ற எண்ணம் பிள்ளைகள் மனதில் விழுந்துவிடும். நான் காட்ட நினைப்பதோ, நாம் எழுதியதில் எங்கே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்ப்பதை.

தலைமையாசிரியர், விருந்தினர் எல்லாம் பேச வேண்டும் என்றால்?

காலை அசெம்பிளியில் பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள், சந்தோஷமாக ஒப்புக்கொள்வார்கள். மாலையில் லேபுக்கு வந்தால் ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு அந்தப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு வரி அடிக்கச் சொல்லுங்கள். எங்கள் தலைமையாசிரியருக்கும் பெரிய P-தான் வந்தது. பக்கத்திலிருந்த ஆறாம் வகுப்புப் பையன், "கடைசி வரியைப் படிங்க சார்" என்றான்.

பிள்ளைகள் கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால் மானம் போகாதா?

போகாது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதை அடித்துக் காட்டினாள்:

```python
print(len("வணக்கம்"))
```

`len` எழுத்தை எண்ணும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். வணக்கம் ஐந்து எழுத்து. விடை 7 என்று வந்தது. "நோட்டுல அஞ்சு மிஸ், இங்க ஏழு" என்றாள். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. தெரியாது என்று சொல்லி, கேள்வியைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, "அழிக்காதே" என்றும் எழுதி வைத்தேன். அடுத்த வியாழக்கிழமைக்குள் தேடிப் படித்துவிட்டு வந்தேன். யூனிகோடில் `க்` என்பது `க` ஒன்று, மேலே வைக்கும் புள்ளி ஒன்று என இரண்டு குறியீடு. `ம்`-உம் அப்படியே. ஐந்தோடு இரண்டு புள்ளி சேர்ந்து ஏழு. துணையெழுத்துகளும் தனிக் குறியீடுதான். உடனே அவள் ஊட்டி என்று எழுதி, நோட்டில் எண்ணி, 5 வரும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு ஓட்டினாள். 5 வந்தது.

பாருங்கள், அவள் அந்தக் கேள்வியைக் கேட்டதே நோட்டில் எண்ணி வைத்திருந்ததால்தான்.

பேச்சு பலித்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டாவது வாரம் பிள்ளைகள் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். "மிஸ், வரல" என்று மட்டும் கூப்பிட்டால் உரை போய்ச் சேரவில்லை. போய் நீங்களே சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் நின்று, "கடைசி வரியில என்ன இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். பாதிப் பேர் படிக்கும்போதே தப்பைப் பார்த்துவிட்டு, "தெரிஞ்சிடுச்சு, நீங்க போங்க மிஸ்" என்பார்கள். நான் மூன்று வாரம் வரைக்கும் இந்த ஒரு கேள்வியைத் தவிர வேறு எதுவும் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ள வேண்டும்.

இன்னோர் அடையாளம், கணினியை அணைப்பது. தப்பு வந்ததும் திரையில் இருக்கும் IDLE ஜன்னலை மூடுவது, பட்டனை அமுக்குவது, திரையைக் கையால் மறைப்பது எல்லாம் பயம் இன்னும் போகவில்லை என்று காட்டும். அப்படி ஒரு பிள்ளை இருந்தால் வகுப்பு முன்னால் எதுவும் சொல்லாமல், அடுத்த வாரம் அந்தப் பிள்ளையையே திரைக் கணினியில் உட்கார வைத்து, நான் சொல்கிற தப்பு வரியை அடிக்கச் சொல்கிறேன். தப்பு என்னுடையது, அடிப்பது மட்டும் அந்தப் பிள்ளை. சிவப்பு வந்ததும் எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம்.

முதல் வருடம் எழுந்து போன அந்தப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. பரீட்சை வருடம் என்பதால் கிளப்புக்கு வருவதில்லை. ஆனால் போன ஜூனில் தொடக்க நாளன்று லேப் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச் சொன்னேன். நான் பெரிய P அடித்து ஓட்டி, யார் படிக்கிறீர்கள் என்று கேட்டபோது முன்வரிசை தயங்கியது. பின்னாலிருந்து அவன்தான் படித்தான்.